படுக்கைப்புண்: புண்ணின் அடியைப் பார்த்துக் கட்டு மாற்றுவது

ஆழமான படுக்கைப்புண் ஒன்று ஆறுவதற்கு நாலைந்து மாதம் எடுக்கும். அந்த நாலைந்து மாதமும் ஒரே மருந்தை ஒரே மாதிரி வைத்துக் கட்டிக்கொண்டிருப்பதுதான் வீடுகளில் அதிகம் நடக்கும் பிழை. முதல் வாரத்தில் புண்ணுக்குத் தேவைப்படுவது செத்த தசை கழன்று போவதும், வடியும் நீரை யாராவது உறிஞ்சி எடுப்பதும். இரண்டாம் மாதத்தில் அதற்கு ஈரமும் சூடும் அமைதியும் வேண்டும். நாலாம் மாதத்தில் மெல்லிய புதுத் தோலை உரசாமல் காப்பாற்ற வேண்டும். ஒரு கட்டத்தில் உதவிய கட்டே அடுத்த கட்டத்தில் புண்ணைக் கெடுக்கும்.

2009 வரை நடந்த போரில் ஷெல் துண்டும் சன்னமும் பட்டு முள்ளந்தண்டு வடம் அறுந்தவர்கள் பலர் இன்றும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் சக்கர நாற்காலியில் வாழ்கிறார்கள். அவர்களுக்குப் புண் வருவது பெரும்பாலும் உட்காரும் எலும்புக்கு மேலே, அதாவது குண்டியின் அடியில் இரு பக்கமும் கைக்குத் தட்டுப்படும் அந்த எலும்பு முனையில். ஆகவே இங்கே அந்த இடத்துப் புண்ணையே எடுத்துக்கொள்கிறோம். வீட்டில் கட்டு மாற்றும் மனைவிக்கோ தாய்க்கோ தங்கைக்கோ விளங்கும்படி எழுதப்பட்டது இது. வெட்டி எடுப்பதும் மருந்து எழுதுவதும் வைத்தியசாலையின் வேலை.

உள்ளே தொடங்கும் புண்

எலும்புக்கும் இருக்கைக்கும் நடுவில் தசை நசிபடும்போது இரத்தக்குழாய்கள் அடைபடுகின்றன. நசிவு மிக அதிகமாக இருப்பது எலும்பை ஒட்டிய இடத்தில். அதனால் தசை முதலில் சாவதும் அங்கேதான். மேலே தோலில் ஒரு ரூபாய்க் குற்றியளவு ஓட்டை தெரியும்போது உள்ளே ஒரு குகையே இருக்கலாம். புண் "திடீரென்று பெருத்துவிட்டது" என்று வீட்டார் சொல்லும் பல வேளைகளில் அது பெருக்கவில்லை, ஏற்கெனவே உள்ளே இருந்தது வெளியே தெரிந்திருக்கிறது.

இதன் தொடக்கத்தை வெள்ளைத் தோலில் சிவப்பாகக் காணலாம் என்று புத்தகங்கள் சொல்லும். எங்கள் தோலில் அந்தச் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ ஊதா சாயலாகவோ தெரியும், தொட்டால் சூடாகவோ குளிராகவோ இருக்கும், கட்டிபட்டோ கொழகொழவென்றோ இருக்கும். கண்ணைவிடப் புறங்கையை நம்புங்கள். அந்த இடத்தை உருவிவிடக் கூடாது. நசிந்த தசையை உருவினால் இன்னும் கிழியும்.

தரம் வேறு, கட்டம் வேறு

கிளினிக் கொப்பியில் "தரம் 3" என்று எழுதியிருந்தால் அது ஆழத்தைச் சொல்கிறது. தோல் உடையாமல் நிறம் மாறியிருந்தால் தரம் 1. மேல்தோல் உரிந்தால் தரம் 2. கொழுப்புவரை போனால் தரம் 3. தசை, தசைநாண், எலும்பு தெரிந்தால் தரம் 4. அடி தெரியாமல் செத்த தசை மூடியிருந்தால் தரம் சொல்ல முடியாது என்று எழுதுவார்கள். இந்தத் தரம் பின்னோக்கி இறங்காது. தரம் 4 ஆறிக்கொண்டு வரும்போது தரம் 3 ஆவதில்லை, ஏனெனில் இழந்த தசையும் கொழுப்பும் திரும்பி வளர்வதில்லை. அந்தப் பள்ளத்தை வடுத்தசைதான் நிரப்புகிறது.

எந்தக் கட்டு வைப்பது என்பதைத் தரத்தைப் பார்த்து மட்டும் முடிவு செய்ய முடியாது. புண் இன்று ஆறுதலின் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதே அதைச் சொல்லும். உடம்பு நாலு கட்டமாக வேலை செய்கிறது. முதலாவது இரத்தம் உறைவது, அது நிமிடக் கணக்கு. இரண்டாவது அழற்சி. வெள்ளையணுக்கள் வந்து கிருமியையும் செத்த தசையையும் தின்று துப்புரவாக்கும். சாதாரண வெட்டுக்காயத்தில் இது சில நாளில் முடியும். மூன்றாவது கட்டியெழுப்பல். புதிய இரத்தக்குழாய்களும் கொலாஜன் நாரும் சேர்ந்து சிவந்த மணிமணியான புதுத்தசை எழும்பும், புண் சுருங்கும், ஓரத்திலிருந்து தோல் நகர்ந்து வந்து மூடும். நாலாவது முதிர்தல். மூடிய பின்னும் வடு மாதக்கணக்கில், சிலவேளை ஒரு வருடத்துக்கு மேலும் இறுகிக்கொண்டிருக்கும்.

படுக்கைப்புண் ஏன் ஆறாமல் கிடக்கிறது என்றால், அது இரண்டாம் கட்டத்தில் மாட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு முறை அதன்மேல் உட்காரும்போதும் புதிதாகக் கொஞ்சம் தசை சாகிறது. அதைத் துப்புரவாக்க அழற்சி மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. செத்த தசையில் கிருமி குடியிருக்கிறது. வெள்ளையணுக்கள் விடும் நொதிகள் புண்ணீரில் தேங்கி, புதிதாக வரும் தசையையும் கரைக்கின்றன. அதனால் எந்தக் கட்டு வைத்தாலும் உட்காருவது நிற்காவிட்டால் புண் நகராது.

ஒரு புண்ணைத் தொடர்ந்து பார்ப்போம்

45 வயதுக்காரர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. சக்கர நாற்காலியில் இருந்தபடியே சின்னக் கடை நடத்துகிறார். மெத்தையில் காற்று இறங்கியதைக் கவனிக்கவில்லை. இடது உட்காரும் எலும்பில் புண் 5 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், 2 செ.மீ. ஆழம். தலைப்பக்கத்தை மணிக்கூட்டின் 12 என்று வைத்தால், 1 முதல் 3 மணி வரையான ஓரத்துக்குக் கீழே 1.5 செ.மீ. குடைந்திருக்கிறது. அடியில் பாதிக்கு மேல் மஞ்சள், ஒரு ஓரத்தில் இளகிய கறுப்பு. வைத்த கோஸ் அரைநாளில் ஊறிப்போகிறது, மணக்கிறது.

அளவெடுப்பது எளிது. நீளம் எப்போதும் தலை–கால் திசையில், அகலம் அதற்குக் குறுக்கே. ஆழத்துக்குச் சுத்தமான பஞ்சுக்குச்சியை மெதுவாக விட்டு, தோல் மட்டத்தில் விரலால் பிடித்து எடுத்து அளவுகோலில் வையுங்கள். வாரம் ஒருமுறை, ஒரே படுக்கை நிலையில் எடுத்துத் திகதியோடு கொப்பியில் எழுதுங்கள். குச்சி கட்டியாக எலும்பில் முட்டினால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். எலும்புக்குள் கிருமி போயிருக்கலாம், அதை எந்தக் கட்டும் ஆற்றாது.

கழுவ 0.9% சேலைன் போதும். போத்தல் இல்லாவிட்டால் 1 லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஒன்றரை மட்டத் தேக்கரண்டி உப்புக் கரைத்து, மூடி ஆறவைத்துப் பயன்படுத்தலாம். ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். ஊசி இல்லாத 20 மில்லிலீற்றர் சிரிஞ்சால் குடைவுக்குள்ளும் போகும்படி பீச்சுங்கள். ஓடிவரும் நீர் தெளியும்வரை இரண்டு மூன்று முறை செய்யவேண்டும். டெட்டோலும் ஐதரசன் பெரொக்சைட்டும் புண்ணுக்குள் வேண்டாம். நுரை எழும்புவதைப் பார்த்து அழுக்குப் போகிறது என்று நினைப்பார்கள், ஆனால் புதுத்தசையின் கலங்களும் அதோடு சாகின்றன.

மஞ்சளும் கறுப்பும் இருக்கும்போது

இந்தப் புண்ணில் முதல் வேலை செத்ததை அகற்றுவது. கிளினிக்கில் கழன்று நிற்பதை வெட்டி எடுப்பார்கள். மீதியைப் புண்ணின் சொந்த நீரே கரைக்கும்படி விடவேண்டும். நீர் நிறைய வடிவதால் இங்கே பொருத்தம் அல்ஜினேற் என்னும் கட்டு. கடற்பாசியிலிருந்து எடுக்கும் நார் அது, நீரை உறிஞ்சி ஜெல்லாக மாறும். உலர்ந்ததாகவே வைக்கவேண்டும், முன்கூட்டி நனைக்கக் கூடாது. குடைவு இருப்பதால் கயிறு வடிவம் நல்லது. அதன் மேலே உறிஞ்சும் ஃபோம் கட்டு. புண்ணின் ஓரத்தைவிட எல்லாப் பக்கமும் 2–3 செ.மீ. அகலமாக ஃபோம் இருக்கவேண்டும். மணமும் நீரும் அதிகமென்றால் வெள்ளி சேர்ந்த அல்ஜினேற்றை வைத்தியர் இரண்டு வாரத்துக்கு எழுதலாம். இரண்டு வாரத்தில் மாற்றம் தெரியாவிட்டால் அதையே தொடர்ந்து வைப்பதில் பயனில்லை, காரணத்தைத் தேடவேண்டும்.

முதல் வாரம் தினமும், நீர் குறையக் குறைய இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றலாம். எங்கள் வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வியர்வைக்கு ஒட்டுப் பிளாஸ்டர் கழன்றுவிடும். ஒட்டும் தோலைத் துடைத்து நன்றாக உலரவிட்டு, நாலு பக்கமும் இடைவெளி இல்லாமல் ஒட்டுங்கள். மணக்கும் ஈரக் கட்டின் ஒரு மூலை திறந்திருந்தால் இலையான் அதில் முட்டையிடும்.

அல்ஜினேற் வாங்க முடியாதவர்களுக்குக் கோஸ் உதவும், ஆனால் கட்டும் முறை முக்கியம். கோஸைச் சேலைனில் நனைத்து இறுகப் பிழியுங்கள். சொட்டாமல் ஈரமாக மட்டும் இருக்கவேண்டும். அதைப் பிரித்து உதறி, புண்ணுக்குள் தளர்வாக இட்டு, மேலே உலர்ந்த கோஸ் பல மடிப்பாக வைத்து மூடுங்கள். காலையும் மாலையும் மாற்றவேண்டும். "இறுக அடைத்தால்தான் சீழ் வெளியே வரும்" என்று திணிப்பது தவறு. திணித்த கோஸே உள்ளிருந்து தசையை நசிக்கும். குழிக்குள் ஒரே ஒரு நீளத் துண்டை வைத்து நுனியை வெளியே விடுங்கள். இரண்டு துண்டு வைத்தால் எண்ணிக்கையைக் கொப்பியில் எழுதுங்கள். உள்ளே மறந்துபோன கோஸ் துண்டு மாதக்கணக்கில் மணத்துக்குக் காரணமாகிறது.

பப்பாசிக்காய்ப் பால் பூசலாமா என்று அடிக்கடி கேட்பார்கள். அதிலுள்ள நொதி செத்த தசையைக் கரைப்பது உண்மை. ஆனால் தோட்டத்தில் கீறி எடுத்த பாலில் எவ்வளவு நொதி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, அதில் கிருமி இருக்கலாம், சிலருக்குக் கடும் ஒவ்வாமை வரும். திறந்த புண்ணுக்கு வேண்டாம்.

இரண்டாம் வாரம் அளவெடுத்தால் 5.5 × 4.5 செ.மீ. என்று வரலாம். பயப்படவேண்டாம். செத்தது போனதால் உண்மையான புண் தெரிகிறது. மஞ்சள் பாதியாகி நீரும் மணமும் குறைந்திருந்தால் புண் முன்னேறுகிறது.

கறுப்பைப் பற்றி ஒரு விதிவிலக்கு. குதிக்காலில் உலர்ந்து, இறுக ஒட்டி, சுற்றிலும் வீக்கமோ சூடோ இல்லாத கறுத்த பொருக்கு இருந்தால் அதைத் தொடக்கூடாது, ஈரமாக்கவும் கூடாது. அங்கே அடியில் தசை மிகக் குறைவு, அந்தப் பொருக்கே மூடி. கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்துக் குதிக்கால் படுக்கையில் படாமல் விடுவதே வைத்தியம். பொருக்கு இளகினால், ஓரம் கழன்றால், நீர் கசிந்தால் உடனே காட்டவேண்டும்.

சிவப்பு வந்த பிறகு

நாலாம் வாரம் அளவில் அடி முழுவதும் சிவந்து, மாதுளை முத்துப் போல மணிமணியாகத் தெரிகிறது. ஆழம் 1.4 செ.மீ. இப்போது புண்ணுக்குத் தேவை தொந்தரவில்லாத ஈரம். பழைய காலத்தில் புண்ணைக் காயவிட்டால் ஆறும் என்று நம்பினார்கள். 1962இல் ஜோர்ஜ் வின்ரர் என்ற ஆராய்ச்சியாளர் பன்றிகளின் தோலில் ஒரேயளவான காயங்களை உண்டாக்கி, சிலவற்றை மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடியும் சிலவற்றைக் காற்றில் விட்டும் பார்த்தார். மூடி ஈரமாக வைத்ததில் தோல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாக வளர்ந்தது. காய்ந்த பொருக்குக்குக் கீழே தோல் குடைந்துகொண்டு போகவேண்டும், ஈரத்தில் நேரே நகர்ந்து போகலாம். காரணம் அவ்வளவுதான்.

ஆகவே இந்தக் கட்டத்தில் கட்டைக் குறைவாக மாற்றுவதே நல்லது. குழி இருக்கும்வரை அல்ஜினேற் கயிறும் மேலே ஃபோமும், மூன்று நாளைக்கு ஒருமுறை. மலம் பட்டு நனைந்தால் மட்டும் உடனே மாற்றுங்கள். கோஸ்தான் இருக்கிறது என்றால், அதைக் காயவிட்டுப் பிய்த்து எடுக்கவே கூடாது. காய்ந்த கோஸோடு நேற்று எழும்பிய புதுத்தசையும் பெயர்ந்து வரும். ஒட்டியிருந்தால் சேலைன் ஊற்றி ஐந்து நிமிடம் பொறுத்து எடுங்கள். புண்ணின் அடிக்கு வசலின் கோஸ் ஒரு படை வைத்தால் ஒட்டுவது குறையும்.

இங்கே கட்டு இரண்டு விதமாகப் பிழைக்கலாம், இரண்டையும் கண்ணால் காணலாம். ஈரம் கூடினால் சுற்றுத்தோல் நீரில் நெடுநேரம் ஊறிய விரல் போல வெளுத்துச் சுருங்கும். அப்படியென்றால் இன்னும் உறிஞ்சும் கட்டு வேண்டும் அல்லது அடிக்கடி மாற்றவேண்டும், ஓரத்தோலில் சிங்க் ஒட்சைட் களிம்பு மெல்லிதாகப் பூசலாம். ஈரம் குறைந்தால் அல்ஜினேற் ஜெல்லாகாமல் நார்நாராக அடியில் ஒட்டிக்கிடக்கும். அப்போது அல்ஜினேற்றின் காலம் முடிந்துவிட்டது, ஃபோம் மட்டும் போதும்.

ஆறாம் வாரம் இந்தப் புண் நின்றுபோகிறது. அளவு குறையவில்லை, மணிமணியான சிவப்பு மங்கி, ஓரத்தில் ஊதா நிறத்தில் ஒரு கீற்று, கட்டில் இரத்தக் கசிவு. கட்டை மாற்றலாமா என்றுதான் முதலில் தோன்றும். விசாரித்தால், வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய் ஆறு மணித்தியாலம் நாற்காலியில் இருந்திருக்கிறார். ஊதாக் கீற்றும் இரத்தமும் புதிதாக நசிந்த தசையின் அடையாளம். அதே கட்டையே வைத்துக்கொண்டு, உட்காருவதை முற்றாக நிறுத்தினால் போதும். கவிழ்ந்தோ, 30 பாகை சரிந்து பக்கவாட்டிலோ படுத்து, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திரும்பவேண்டும். நடுவில் ஓட்டையுள்ள வளையத் தலையணை வேண்டாம். வளையம் சுற்றியுள்ள இரத்தக்குழாய்களை நசித்து நடுவிலிருக்கும் புண்ணைப் பட்டினி போடும்.

நின்றுபோவதற்கு மற்றக் காரணம் கிருமி. சிவப்பு அளவுக்குமீறிப் பளிச்சென்று, தொட்டாலே இரத்தம் கசிந்து, நீர் திடீரென்று கூடி, மணம் மாறினால் சந்தேகிக்கவேண்டும். உணர்வில்லாதவருக்கு வலி எச்சரிக்கை தராது. காய்ச்சல், நடுக்கம், கால் இழுப்பு வழமையைவிடக் கூடுவது ஆகியவைதான் அவருக்கு வலியின் இடத்தில் நிற்பவை. மார்பு மட்டத்திலோ அதற்கு மேலோ முள்ளந்தண்டு அடிபட்டவருக்குத் திடீர்த் தலையிடியும் முகத்தில் வியர்வையும் வந்தால் இரத்த அழுத்தம் ஆபத்தாக ஏறியிருக்கலாம். உடனே நிமிர்ந்து இருத்தி, உடுப்பைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடிந்திருக்கிறதா என்று பார்த்து, வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

புதுத்தசைக்கு மூலப்பொருள் புரதம். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கு 75 முதல் 90 கிராம் வேண்டும். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம்தான் இருக்கிறது. சோறும் சொதியும் மட்டும் இந்த அளவுக்கு எட்டாது. மூன்று நேரமும் மீனோ முட்டையோ சோயாமீற்றோ, நடுவில் அவித்த கௌப்பியோ பயறோ சேரவேண்டும். சிறுநீரக வருத்தம் உள்ளவர் வைத்தியரைக் கேட்டே புரதத்தைக் கூட்டவேண்டும்.

ஓரம் இளஞ்சிவப்பாக நகரும்போது

பதினாலாம் வாரம் புண் 2 × 1.5 செ.மீ., கிட்டத்தட்டத் தோல் மட்டத்துக்கு வந்துவிட்டது. ஓரத்திலிருந்து முத்துச்சிப்பி உட்புறம் போல மினுங்கும் மெல்லிய தோல் உள்நோக்கி வருகிறது. நீர் மிகக் குறைவு. இப்போது ஹைட்ரோகொலொயிட் கட்டு பொருந்தும். நீர் புகாத, தானே ஒட்டும் மெல்லிய தகடு அது. ஒட்டமுன் இரு உள்ளங்கைக்கு நடுவே ஒரு நிமிடம் வைத்துச் சூடாக்கினால் நன்றாகப் படியும். மூன்று முதல் ஏழு நாள் வரை விடலாம். எடுக்கும்போது ஓரத்தைக் கிளப்பி, மேலே தூக்காமல் தோலோடு ஒட்டி இழுத்துவிட்டு எடுங்கள்.

முதல்முறை எடுத்ததும் வீட்டார் பதறுவார்கள்: "மிஸ், உள்ளுக்குள்ள மஞ்சளாச் சீழ் பிடிச்சிட்டுது, மணக்குது." பெரும்பாலும் அது சீழ் இல்லை, தகடு நீரோடு கரைந்து வந்த களி. சேலைனால் கழுவிய பிறகு பாருங்கள். அடி சிவப்பாக, சுற்றுத்தோல் சூடில்லாமல், மணம் போயிருந்தால் எல்லாம் சரி. கழுவிய பின்னும் மணம் நின்றால் காட்டவேண்டும். கிருமி உள்ள புண்ணுக்கும் நீர் நிறைய வடியும் புண்ணுக்கும் இந்தக் கட்டு வைக்கக் கூடாது.

சிலவேளை புதுத்தசை தோல் மட்டத்தைத் தாண்டி மேலே உப்பிவிடும். தோல் அந்த மேட்டில் ஏறமாட்டாது. ஹைட்ரோகொலொயிட்டை நிறுத்தி, ஃபோம் கட்டை இலேசாகப் படிய வைத்து ஒட்டினால் பெரும்பாலும் இறங்கும்.

மூடிய பிறகு

பதினெட்டாம் வாரம் புண் மூடுகிறது. கட்டு வேண்டியதில்லை என்று அன்றே கடைக்குப் போய்க் காலை முழுக்க உட்கார்ந்தால் மறுநாள் திறந்துவிடும். மூன்று வாரமான வடுவுக்குப் பழைய தோலின் பலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. எவ்வளவு முதிர்ந்தாலும் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் போகாது. முதல் சில வாரம் மெல்லிய சிலிக்கன் ஃபோம் ஒன்றை வடுவின்மேல் உரசலுக்குக் காப்பாக விடலாம். ஓரத்தைக் கிளப்பித் தோலைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் ஒட்டமுடியும் என்பது அதன் வசதி.

உட்காருவதை 15 நிமிடத்திலிருந்து தொடங்கவேண்டும். இறங்கியதும் கண்ணாடி வைத்தோ வீட்டாரைக் கொண்டோ வடுவைப் பார்க்கவேண்டும். கறுப்போ சூடோ அரை மணித்தியாலத்தில் மறைந்தால், சில நாளைக்கு ஒருமுறை 15 நிமிடம் கூட்டலாம். மறையாவிட்டால் முந்திய அளவுக்குத் திரும்புங்கள். உட்கார்ந்திருக்கும்போது கையால் ஊன்றி எழும்புவது சில விநாடிதான் தாங்கும், ஆனால் நசிந்த தசைக்கு ஒட்சிசன் பழையபடி திரும்ப ஏறத்தாழ இரண்டு நிமிடம் வேண்டும். மேசைமேல் முன்னால் குனிந்தோ ஒரு பக்கம் சரிந்தோ இரண்டு நிமிடம் இருப்பது கையையும் காப்பாற்றும். காற்று மெத்தையென்றால் அவர் உட்கார்ந்திருக்கும்போதே மெத்தைக்குக் கீழே கையை விட்டு உட்காரும் எலும்பைத் தேடுங்கள். எலும்புக்கும் நாற்காலியின் தளத்துக்கும் நடுவே அரை அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரை காற்று இருக்கவேண்டும். கை நசிபட்டால் காற்றுப் போதாது.